ஒப்பந்தத்தைப் புதுப்பித்த ஆலைக்கு நன்றிக் கடிதம்: எதை எழுதுவது, எதை விடுவது

கேள்வி: நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஜெனரேட்டர் பராமரிப்புத் தொழில் செய்கிறேன். என்னோடு ஐந்து பேர். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை எங்கள் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை மூன்றாம் முறையாகப் புதுப்பித்திருக்கிறது. போன மாசியில் ஓர் இரவு நாங்கள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. ஆனாலும் முதலாளி விலையில் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நன்றிக் கடிதம் ஒன்று எழுத ஆசை. எழுதினால் விளம்பர நோட்டீஸ் மாதிரி வருகிறது. அந்தத் தாமதத்தைச் சொல்லலாமா? சோலார் வேலையும் தொடங்கியிருக்கிறோம் என்று சேர்க்கலாமா? எப்படி எழுதினால் உறவு பலப்படும்?

பதில்: நான் ஜெனரேட்டர்காரன் அல்ல, எடைமேடைக்காரன். லாரியை ஏற்றி எடை போடும் மேடைகளைப் பராமரிப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரிசி ஆலை, கல்குவாரி, உப்பளம் என்று நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமெல்லாம் அலைகிறேன். எடைமேடைக்கு ஆண்டுக்கு ஒரு முறை அரசு முத்திரை வாங்கியாக வேண்டும் என்பதால், எங்கள் தொழிலிலும் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டுதான் ஓடும். அந்த வகையில் நீங்கள் கேட்டிருப்பது நானும் ஒவ்வொரு பங்குனி, சித்திரையில் உட்கார்ந்து மல்லுக்கட்டும் விஷயம்தான். நான் எழுதிய நல்ல கடிதங்களைவிடக் கெட்ட கடிதங்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தொழில் தொடங்கிய மூன்றாவது ஆண்டு என்று நினைவு. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லி ஒரே கடிதத்தை எல்லா வாடிக்கையாளருக்கும் பெயர் மாற்றி அச்செடுத்தேன். முதலில் அடித்தது ஓர் உப்பளத்துக்கு. பெயரை மாற்றியவர் கடைசி வரியை மாற்ற மறந்துவிட்டார். பணகுடிப் பக்கம் ஜல்லி உடைக்கும் ஒருவருக்கு, "இந்த ஆண்டும் தங்கள் அளங்களில் நல்ல உப்பு விளைய வாழ்த்துகிறோம்" என்று போய்ச் சேர்ந்தது. அவர் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, எங்களுக்கு ஜல்லிதான் விளைகிறது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அந்த ஒரு வரியால்தான் போனது என்று நான் சொல்ல மாட்டேன். வேறொருவர் குறைந்த விலை கொடுத்திருக்கலாம். ஆனால் அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை என்பதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆயிற்று.

உங்கள் வரைவு நோட்டீஸ் மாதிரி இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும். "தங்களின் மேலான ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி, வாடிக்கையாளர் நலனே எங்கள் தாரக மந்திரம், தொடர்ந்து தரமான சேவை வழங்க உறுதி பூண்டுள்ளோம்" என்ற ரகத்தில் எழுதியிருப்பீர்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆலையின் பெயரை அடித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும், திருமண மண்டபத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற வரியை எடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் எனக்கு வைத்திருக்கும் விதி. எடுத்த பிறகு பெரும்பாலும் தேதியும் கையெழுத்தும்தான் மிஞ்சும். அங்கிருந்து தொடங்கலாம்.

பேனாவை எடுப்பதற்கு முன்னால் அந்த ஆலையின் சர்வீஸ் பதிவேட்டை எடுங்கள். போன ஒப்பந்த ஆண்டில் எத்தனை முறை வழக்கமான பராமரிப்புக்குப் போனீர்கள், எத்தனை முறை பழுது என்று கூப்பிட்டார்கள், ஒவ்வொரு முறையும் போன் வந்தது எப்போது, ஆள் போய்ச் சேர்ந்தது எப்போது, எதை மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அங்கே வழக்கமாகப் போகும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். பதிவேட்டில் இல்லாத பாதி அவரிடம் இருக்கும். ஆலையில் யார் முதலில் போன் செய்கிறார், யார் இரவில் கேட்டைத் திறந்துவிடுகிறார், மணிக்கணக்கையும் எண்ணெய் அளவையும் ஒழுங்காகக் குறித்து வைக்கும் ஆபரேட்டர் யார் என்று அவர்தான் சொல்வார். இதற்கு ஒரு மணி நேரம் போதும். கடிதம் எழுதக் கால் மணி நேரம்.

இனி அந்த மாசி இரவு. சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டவர் அந்த இரவை மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். மாசி என்றால் பிசான அறுவடை. ஆலைக்கு ஆண்டிலேயே அதிக வேலை இருக்கும் நேரம். உங்களுக்கு அது "ஜெனரேட்டர் கிளம்பவில்லை" என்ற ஒரு பழுது அழைப்பு. அவருக்கு அது வேறு. புழுங்கல் அரிசி ஆலையில் தொட்டியில் ஊறிய நெல்லை நேரத்தில் அவித்து உலர்த்தாவிட்டால் வாடை வந்துவிடும், அரிசியின் நிறமும் கெடும். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், நடுராத்திரியில் தொட்டி நிறைய நெல்லைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றிருப்பார். அவர் மறக்காத ஒன்றை நீங்கள் மறந்ததுபோல் எழுதினால், கடிதத்தில் இருக்கும் மற்ற நல்ல வார்த்தைகளும் அவருக்கு வெறும் வாய்ச்சொல்லாகத்தான் படும்.

ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். முதலில் நடந்தது நடந்தபடிதானா என்று சரிபாருங்கள். அன்றிரவு தொட்டியில் உண்மையிலேயே நெல் ஊறியதா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். தொட்டி காலியாக இருந்த இரவைப் பற்றி "ஊறிய நெல்" என்று உருகி எழுதினால் உப்பளக் கதைதான். இரண்டாவது, இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நஷ்டம் இவ்வளவு இருக்கும் என்று ஒரு தொகையை நீங்களாகக் கணக்குப் போட்டு எழுதக் கூடாது. மூன்றாவது, ஒப்பந்தத்தைக் காட்டி நியாயம் பேசாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் 24 மணி நேரத்துக்குள் வருவோம் என்றுதான் இருக்கும். நீங்கள் ஐந்தாறு மணி நேரத்தில் போயிருப்பீர்கள். "ஒப்பந்தப்படி நேரத்துக்குள்தான் வந்தோம்" என்பது சரியான வாக்கியம்தான். அதை எழுதுவதற்குக் கடிதமே எழுதாமல் இருக்கலாம். ஒருவேளை அந்த இரவுக்காக அவர் நஷ்டஈடு கேட்டிருந்தாலோ, பில்லில் பிடித்தம் செய்து அது இன்னும் தீராமல் இருந்தாலோ நான் சொல்வது பொருந்தாது. அப்போது அந்தப் பேச்சைக் கடிதத்தில் தொடாதீர்கள், வக்கீலிடம் காட்டாமல் எதையும் எழுதித் தராதீர்கள்.

ஒப்புக்கொண்ட கையோடு என்ன மாற்றினீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காரணத்தை நீங்கள் எழுதவில்லை. ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பாட்டரி என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். சும்மா இருக்கும்போது அளந்தால் 12 வோல்ட் பாட்டரி நன்றாகவே காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் அளந்து, அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் குட்டு வெளிப்படும். இது உங்களுக்குத் தெரிந்த பாடம். கடிதத்தில் வோல்ட் கணக்கெல்லாம் வேண்டாம். கார் அறுவடைக்கு முன்னால் ஒரு முறை, பிசான அறுவடைக்கு முன்னால் ஒரு முறை பாட்டரியைச் சோதித்து, அளவைச் சீட்டில் எழுதி ஆலை அலுவலகத்தில் கொடுப்போம் என்று எழுதினால் போதும். முதலாளிக்குப் புரிவது அறுவடைதான். ஆங்கில மாதத்தையும் காலாண்டையும் வைத்து அவர் ஆலை ஓடுவதில்லை.

இங்கே என் இரண்டாவது கெட்ட கடிதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு நன்றி எழுதும்போது மனம் நெகிழ்ந்து, "எந்த நேரத்தில் அழைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்போம்" என்று எழுதிவிட்டேன். ஒப்பந்தத்தில் 24 மணி நேரம் என்றிருந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய நாள் இடி விழுந்து அவர்கள் எடைமேடையின் லோடு செல் போய்விட்டது. என் ஆள்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். மறுநாள் மாலைதான் போக முடிந்தது. கடைசிக் காலாண்டுப் பணம் கேட்டபோது அவர் மேசை இழுப்பறையைத் திறந்து என் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். ஒப்பந்தத்தை இருவரும் சேர்ந்து மாற்றிக்கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒருவர் எழுதிய நன்றிக் கடிதம் அப்படி ஒரு மாற்றமாகுமா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம், என் வேலை அல்ல. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் என் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, என்னிடம் பதில் இல்லை. ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டுதான் பணம் வாங்கினேன். அதிலிருந்து நன்றிக் கடிதத்தில் "எப்போதும்", "ஒருபோதும்", "உடனடியாக" மூன்றும் எழுதுவதில்லை. நீங்களும் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதில் பாட்டரி விலை உங்கள் பொறுப்பில் இல்லையென்றால், சோதிப்போம் என்பதோடு நிறுத்துங்கள். மாற்றித் தருவோம் என்ற தொனி எங்கேயும் வரக் கூடாது.

அடுத்தது நீங்கள் நினைக்காத இடம். பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் உங்கள் மனதில் முதலில் நிற்கிறது, கேள்வியிலேயே தெரிகிறது. அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். ஒரு சொல்கூட வேண்டாம். இந்தத் தாள் முதலாளியோடு நிற்காது. கணக்குப்பிள்ளை பார்ப்பார், ஆடிட்டர் பார்ப்பார், தம்பியோ மருமகனோ பங்குதாரராக இருந்தால் அவர் பார்ப்பார். "கேட்ட விலையைக் கொடுத்ததற்கு நன்றி" என்று படிப்பவருக்கு, குறைத்துக் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றும். பெரிய கம்பெனியில் கொள்முதல் மேலாளருக்கு இப்படி எழுதினால் அது இன்னும் மோசம். அவருக்கும் உங்களுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்று அவருடைய மேலதிகாரி நினைத்தால், நீங்கள் நன்றி சொன்ன ஆளுக்கே கெடுதல் செய்தவர் ஆவீர்கள். ஆலையின் ஊழியரைப் பாராட்டும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். மணிக்கணக்கை ஒழுங்காகக் குறிக்கிறார் என்று சொல்லலாம். "எண்ணெய் குறைந்திருந்தபோதும் சமாளித்து ஓட்டினார்" என்று பாராட்டினால் மறுநாள் காலையில் அவருக்குத்தான் திட்டு விழும்.

சோலார் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். நன்றி சொல்லிக்கொண்டே கையை நீட்டினால், முன்னால் சொன்ன நன்றி எதற்காக என்று தெரிந்துவிடும். இதில் எல்லாரும் என்னோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யு.பி.எஸ். தொழில் செய்யும் என் நண்பர் ஒருவர் கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் தன் மற்ற வேலைகளை அச்சிட்டே வைத்திருக்கிறார், அதனால் தனக்கு இரண்டு வேலை கிடைத்தது என்கிறார். அச்சிட்ட கடிதத்தாளின் அடியில் இருந்தால் ஒருவேளை உறுத்தாது. ஆனால் உங்கள் நிலைமை வேறு. ஒரு தாமதத்தை ஒப்புக்கொள்ளும் தாளில் புதிய வேலை கேட்க முடியாது. புரட்டாசியில் பாட்டரி சோதிக்கப் போகும்போது ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் செலவாகிறது என்ற பேச்சு தானாக வரும். அப்போது வாயால் சொல்லுங்கள்.

எப்படி அழைப்பது என்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. நேரில் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவீர்கள். கடிதத்திலும் அப்படியே எழுதினால் நெருக்கமாக இருக்கும் என்று தோன்றும். நான் எழுதுவதில்லை. கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து ஆலைக் கணக்கைப் பார்க்கும் மகனோ, வெளியூர் ஆடிட்டரோ கோப்பில் அதைப் பார்த்தால், தொழில் கடிதமா சொந்தக்காரர் கடிதமா என்று புரியாமல் விழிப்பார்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்குவேன். அடியில் கையெழுத்துக்குக் கீழே, அவரோடு உண்மையிலேயே அந்தப் பழக்கம் இருந்தால், பேனாவால் ஒரே ஒரு வரி எழுதுவேன். அந்த வரியில் அண்ணாச்சி வரலாம். இன்னொன்று, நன்கு பழகியவரிடம் போய் நன்றி நன்றி என்று அடுக்கினால், "என்ன, வேற்றாள் மாதிரிப் பேசுகிறீர்கள்" என்று நம் பக்கத்தில் கோபித்துக்கொள்வார்கள். கடிதத்தில் நன்றி என்ற சொல் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். நினைவு வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் அவருக்குச் சேர வேண்டிய நன்றி.

இவ்வளவையும் வைத்து உங்களுக்காக ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். எண்களும் நேரமும் என் கற்பனை. உங்கள் பதிவேட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தை மூன்றாம் ஆண்டாகப் புதுப்பித்துத் தாங்கள் கையெழுத்திட்ட பிரதி திங்கட்கிழமை எங்களுக்குக் கிடைத்தது. நன்றி.

இதை எழுதுவதற்கு முன் தங்கள் ஆலையின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சென்ற ஆண்டில் நான்கு முறை வழக்கமான பராமரிப்புக்கும் மூன்று முறை பழுது நீக்கவும் வந்திருக்கிறோம். மாசி மாத இரவில் தாங்கள் அழைத்தபோது நாங்கள் வந்து சேர ஐந்தரை மணி நேரம் ஆனது. தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருந்த இரவு அது என்பதை நான் மறக்கவில்லை. பாட்டரி தளர்ந்திருந்ததை அதற்கு முந்தைய வருகையிலேயே நாங்கள் கண்டிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு முறையும் தை மாதக் கடைசியில் ஒரு முறையும், அறுவடை வரத்து தொடங்குவதற்கு முன், பாட்டரியைச் சோதித்து அளவைச் சீட்டில் எழுதித் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைப்போம்.

தங்கள் ஆபரேட்டர் மணிக்கணக்கையும் எண்ணெய் அளவையும் நாள்தோறும் குறித்து வைப்பதால் எங்கள் மெக்கானிக்குக்குப் பழுதைக் கண்டுபிடிப்பது எளிதாகிறது. அவருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். இப்படிக்கு,"

இவ்வளவுதான். அரைப் பக்கம் வரும். இதில் ஆபரேட்டர் பெயரையும் உங்கள் மெக்கானிக் பெயரையும் போடுங்கள். மெக்கானிக் பெயரைப் போடப் பலர் தயங்குவார்கள். நாளைக்கு அவர் தனியாகத் தொழில் தொடங்கி வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம். அப்படி எனக்கும் ஒரு முறை நடந்திருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டுகளாக மாதாமாதம் பார்த்த முகம் யாருடையது என்று ஆலைக்குத் தெரியும். நீங்கள் பெயரை மறைப்பதால் அவர்களுக்கு அது மறந்துபோகாது. போடுவதா வேண்டாமா என்பதை உங்கள் ஆளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்ட பிரதி உங்கள் கையில் வந்த பிறகு, முதல் பில் போவதற்கு முன்னால் கொடுங்கள். கையெழுத்தாகும் முன் கொடுத்தால் அவசரப்படுத்துவது போலாகும். பில்லோடு ஒரே உறையில் வைத்தால் அது பில்லுக்கான முன்னுரையாகிவிடும், படிப்பவர் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சேர்ந்த மொத்தத் தொகையைத்தான் முதலில் பார்ப்பார். மூன்று நான்கு நாளுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் சுமார் 35 கிலோமீட்டர்தானே. நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது தவறில்லை, ஆனால் அது குட் மார்னிங் பூக்களுக்கு நடுவே மேலே போய்விடும். தாளாக இருந்தால் கணக்குப்பிள்ளை துளை போட்டுக் கோப்பில் சேர்ப்பார். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில், வேறு இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியலோடு மகன் அந்தக் கோப்பைத் திறப்பார். உங்கள் பில்களுக்கு நடுவே இந்தத் தாளும் இருக்கும். அன்றைக்கு அதைப் படிக்கப் போகிறவருக்காகவும்தான் இதை எழுதுகிறீர்கள்.

வெறுங்கையோடு போவதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போகலாம், நெல்லைக்காரர் வீட்டுக்கே நெல்லை அல்வாவா என்று சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார். தாமதத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தோடு அல்வா கொடுத்தால் ஊர் என்ன பொருள் சொல்லும் என்பதையும் ஒரு கணம் யோசித்துக்கொள்ளுங்கள். நான் பூவன் பழத்தோடு நிறுத்திக்கொள்வேன். கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கும் பெரிய கம்பெனிகள் என்றால் கதை வேறு. அங்கே பரிசுக்கு என்று தனி விதி இருக்கும், பல இடங்களில் வாங்கவே கூடாது. கடிதமும் பராமரிப்புப் பிரிவுத் தலைவர் பெயருக்கு மின்னஞ்சலாக, பெரும்பாலும் ஆங்கிலத்தில் போக வேண்டும். அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை ஒப்பந்தம் என்றால் கடிதம் மட்டும்தான், பழம்கூடக் கிடையாது. அங்கே ஊழியருக்குக் கொடுக்கும் பொருள் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொண்டுபோய் விடலாம். இந்தப் பதிலில் மற்றதெல்லாம் முதலாளியே முடிவெடுக்கிற, நீங்கள் முகம் பார்த்துப் பேசுகிற இடங்களுக்குத்தான் பொருந்தும்.

இந்தக் கடிதம் எழுதினால் நான்காம் ஆண்டும் ஒப்பந்தம் உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். கடிதம் எழுதியும் போனவர்கள் எனக்கு உண்டு, எழுதாமலே பதினைந்து ஆண்டு நிற்பவரும் உண்டு. பதிவேட்டைப் பார்த்து எழுதத் தொடங்கிய பிறகு என்ன மாறியது என்றால், குறை இருந்தால் ஆண்டுக் கடைசிவரை மனதில் வைத்திருக்காமல் அப்போதே போன் செய்து சொல்கிறார்கள். குறையைச் சொன்னால் இவர் எழுதி வைத்துக்கொள்கிறார் என்று தெரிந்ததால் இருக்கலாம். எனக்கு அது விலைகுறைப்பு கேட்காததைவிடப் பெரிய லாபம்.

கொடுத்த அன்றே பதில் எதிர்பார்க்காதீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து மேசையில் வைத்துவிட்டு, "காபி சாப்பிடுங்கள்" என்பார். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெளியே வந்ததும் பைக்கை எடுப்பதற்கு முன்னால் புரட்டாசி முதல் வாரத்தையும் தை கடைசி வாரத்தையும் உங்கள் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கின் போனிலும் ஏற்றிவிடுங்கள். புரட்டாசியில் போகும்போது சோதனைச் சீட்டைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து, அந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.